பழைய பணயத்தை மீட்க புதுப் பணயம்: 9½ பவுனை மறுபடி மாற்றி வைக்கலாமா?

ரப்பர்க்காட்டு வீடு (ஜூலை 2025)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் திருவட்டாறு பக்கம். கணவருக்கு ரப்பர் வெட்டுதான் வேலை. சொந்தமாக 60 சென்ட் இருக்கிறது, மீதி மரங்கள் பாட்டத்துக்கு எடுத்தவை.

2022 ஜூலையில் வீட்டுக் கூரை ஒழுகி, ஓட்டைப் பிரித்து கான்கிரீட் போட வேண்டி வந்தது. என்னுடைய ஐந்து பவுன் மாலை, நாலு வளையல், ஒரு கம்மல் எல்லாவற்றையும் மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் பைனான்ஸில் பணயம் வைத்தோம். ஒவ்வொரு ஜூலையிலும் தவணை முடியும்போது புதுப் பணயமாக மாற்றி எழுதுவார்கள். பழைய கடன் அதில் கழிந்துவிடும். இதுவரை வட்டிக்கென்று கையிலிருந்து ஒரு ரூபாய்கூட கட்டியதில்லை.

இந்த வாரம் போனபோது கவுண்டரில் இருந்த தம்பி சொன்னான்: "அக்கா, பவுன் 72,000 தாண்டியாச்சு. உங்க பண்டத்துக்கு இப்போ 4,80,000 வரை தரலாம். பழையது 4,13,000 போக 67,000 கையில வாங்கிட்டுப் போங்க." எங்களுக்கு அந்தப் பணம் தேவையாகவும் இருக்கிறது. மகள் கல்லூரியில் சேர 50,000 கட்ட வேண்டும், ஜூன் முதல் மழை, வெட்டும் சரியாக நடக்கவில்லை. கணவர் வைத்துவிடலாம் என்கிறார். எனக்குத்தான் மனதுக்குள் ஏதோ இடிக்கிறது. இதில் ஆபத்து உண்டா?

குழித்துறை இளையவன்

தாராளமாக வைக்கலாம் அக்கா. தங்கம் வட்டியைவிட வேகமாக ஏறுகிறது. 2022இல் கிராம் 4,650 பக்கம் இருந்தது, இன்று 9,100. விற்றிருந்தால் இந்த ஏற்றம் போயிருக்கும். நகையும் உங்கள் பெயரில் இருக்கிறது, கைக்குப் பணமும் வந்தது.

வேண்டுமானால் பைனான்ஸை விட்டு பொதுத்துறை வங்கிக்கு மாற்றுங்கள். அங்கே விவசாய நகைக்கடனுக்கு வட்டி ஏறக்குறைய பாதிதான். குறைந்த வட்டிக் கடனை வாங்கி, கூடுதல் வட்டிக் கடனை அடைப்பது புத்திசாலித்தனம்.

உரைகல்

அம்மா, அவசரப்பட்டு கையெழுத்துப் போட வேண்டாம். நான் 30 வருஷத்துக்கு மேல் வங்கிகளில் நகை மதிப்பீட்டாளராக இருந்தவன். உங்களைப் போல "கையிலிருந்து கட்டியதே இல்லை" என்று சொன்னவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

பழைய பணயச் சீட்டுகள் இருந்தால் மூன்று விஷயம் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் கடன் தொகை எவ்வளவு, பழையதைக் கழித்து கையில் வந்தது எவ்வளவு, சீட்டில் வட்டி எப்படி எழுதியிருக்கிறது. மொத்த எடை வேண்டாம், கல்லும் அரக்கும் கழித்த நிகர எடையைச் சொல்லுங்கள்.

ரப்பர்க்காட்டு வீடு

சீட்டெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. மொத்தம் 76 கிராம், நிகரம் 72 கிராம் என்று இருக்கிறது.

2022இல் 2,40,000, முழுவதும் கையில் வந்தது. 2023இல் 2,90,000, பழையது போக கையில் 6,800. 2024இல் 3,50,000, கையில் 7,800. இப்போது கட்ட வேண்டியது 4,13,000.

வட்டி என்று சின்ன எழுத்தில் இரண்டு விதமாக இருக்கிறது. மாதாமாதம் கட்டினால் 12 சதவீதம். கடைசியில் மொத்தமாகக் கட்டினால் 18. இதை நான் இன்றைக்குத்தான் வாசிக்கிறேன், யாரும் சொல்லித் தரவில்லை.

உரைகல்

சரி, இப்போது பாருங்கள்.

மூன்று வருஷத்தில் உங்கள் கைக்கு வந்த பணம் 2,40,000, 6,800, 7,800. கூட்டினால் 2,54,600. இன்றைய கடன் 4,13,000. நடுவில் இருக்கும் 1,58,400 முழுக்க வட்டி. நீங்கள் வட்டி கட்டாமல் இருக்கவில்லை அம்மா. முதல் வருஷ வட்டி 43,200ஐ இரண்டாவது கடன் கட்டியது. அந்தக் கடனின் வட்டி 52,200ஐ மூன்றாவது கடன் கட்டியது. இந்த வருஷம் வட்டி மட்டும் 63,000. கூரைக்கு வாங்கிய கடன் அதேதான், ஆனால் வட்டி வருஷத்துக்கு 43,000இலிருந்து 63,000 ஆகிவிட்டது. வட்டியே முதலாக மாறி, அதற்கும் வட்டி ஓடுகிறது.

இன்னொரு கணக்கும் போடுங்கள். முதல் நாளிலிருந்தே மாதம் 2,400 கட்டியிருந்தால், அந்த 12 சதவீதக் கணக்கில் மூன்று வருஷ வட்டி 86,400. கடனும் 2,40,000இலேயே நின்றிருக்கும். மாற்றி மாற்றி வைத்ததால் கூடுதலாகப் போனது 72,000. கவுண்டர் தம்பி சொன்ன இன்றைய விலையில் அது சரியாக ஒரு பவுன்.

சீட்டில் "பழைய கணக்கு முடிந்தது" என்று முத்திரை விழுவதால் கடன் அடைந்த மாதிரி தோன்றுகிறது. அடைந்தது சீட்டுதான், கடன் இல்லை.

குழித்துறை இளையவன்

ஐயா, கணக்கு சரி. ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2022இல் அந்த நகையின் மதிப்பு 3,35,000 பக்கம், கடன் 2,40,000. அக்காவின் பங்கு 95,000. இன்று நகை 6,55,000, கடன் 4,13,000. பங்கு 2,42,000. வட்டியெல்லாம் போயும் அக்கா மேலேதானே இருக்கிறார்?

உரைகல்

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. இந்த மூன்று வருஷத்துக்கு நீங்கள் சொல்வது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சக்கரத்தைச் சுற்றியது தங்க விலை. அது நின்றால் சக்கரமும் நின்றுவிடும்.

2012 கடைசியில் கிராம் ஏறக்குறைய 3,000 ரூபாய். 2013 ஏப்ரலில் சில நாட்களுக்குள் விலை சடாரென்று இறங்கியது. 2018இலும் அதே 3,000 பக்கம்தான் நின்றது. அந்த ஐந்தாறு வருஷம் நான் கவுண்டரில் இருந்தேன். 100 ரூபாய் பண்டத்துக்கு 75 ரூபாய் கடன் வாங்கியவருக்கு, 18 சதவீதத்தில் ஒரு வருஷம் கழித்து 88.50 ஆகும். விலை ஏறாவிட்டால் மறுபடியும் 75தான் கிடைக்கும். மீதி 13.50ஐ கையிலிருந்து போட வேண்டும். போட முடியாமல் இன்னும் ஒரு வருஷம் விட்டால் 104. பண்டத்தின் விலையைவிடக் கடன் பெரிதாகிவிட்டது. அப்படி ஏலத்துக்குப் போன பண்டங்களில் பாதி, வருஷம் தவறாமல் மாற்றி வைத்தவர்களுடையது. ஏலத்தில் கடன்போக மிச்சம் வந்தால் அது பண்டக்காரருக்குச் சேர வேண்டிய பணம். அதைக் கேட்டு வாங்காமல் விட்டவர்களும் உண்டு.

அம்மாவின் கணக்குக்கு வருவோம். இன்று 4,80,000 வாங்கினால் அடுத்த ஜூலையில் 5,66,400. நூற்றுக்கு எழுபத்தைந்து என்ற அளவில் அதை மறுபடி மாற்றி வைக்க வேண்டுமானால் கிராம் 10,500, அதாவது பவுன் 84,000 ஆகியிருக்க வேண்டும். விலை அங்கே போனால்தான் இருக்கும் இடத்திலேயே நிற்கலாம். ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஆகும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

அப்புறம், போன மாதம் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்குப் புது விதிகள் வெளியிட்டிருக்கிறது. 2026 ஏப்ரல் 1க்குள் எல்லாரும் அதற்கு மாற வேண்டும். கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனைப் புதுப்பிக்க, ஏறிய வட்டியை முதலில் கட்டியாக வேண்டும். எவ்வளவு தரலாம் என்பதையும் கடைசியில் வரப்போகும் வட்டியைச் சேர்த்தே கணக்கிட வேண்டும். அடுத்த ஜூலையில் நீங்கள் போய் நிற்கும்போது வட்டி 86,400ஐ ரொக்கமாகக் கேட்பார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வேர்க்கிளம்பி

வங்கிக்கு மாற்றுவது பற்றி இளையவன் தம்பி எழுதியதால் என் கதையைச் சொல்கிறேன். வட்டி குறைவு என்பது சரி. ஆனால் பழைய இடத்தில் பண்டத்தை எடுக்காமல் புது இடத்தில் வைக்க முடியாது. எடுக்க முழுப் பணமும் கையில் வேண்டும். அதற்கென்றே ஒரு நாள் பணம் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

எனக்கு 3,00,000 தேவைப்பட்டது. லட்சத்துக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் என்று பேச்சு. காலையில் எடுத்து மத்தியானம் வங்கியில் வைத்துவிட்டால் 1,500 ரூபாயோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அது வெள்ளிக்கிழமை. வங்கியில் மதிப்பீட்டாளர் லீவு. சனி இரண்டாவது சனிக்கிழமை, அப்புறம் ஞாயிறு. அந்த ஆள் பண்டத்தைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார், நம்பிக்கைக்காம். மூன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

திங்களன்று மதிப்பீட்டாளர் மாலையைப் பார்த்துவிட்டு, கண்ணிகளில் பற்றவைப்பு அதிகம், எடையைக் குறைத்துத்தான் எழுத முடியும் என்றார். 2,60,000தான் கிடைத்தது. நாலு நாளுக்கு 6,000, மேலும் 40,000 குறைவு. அந்த 40,000ஐ அதே ஆளிடம் ஐந்து வட்டிக்கு எழுதிக்கொடுத்தேன். மாதம் 2,000. வட்டியைக் குறைக்கப் போன எனக்கு, பழைய பணயத்துக்குக் கட்டியதைவிட மாதச் சுமை கூடியது. அதை அடைக்க ஒரு வருஷமும் மனைவியின் சிட்டிப் பணமும் ஆனது.

தோவாளைக்காரன்

எதற்கு இவ்வளவு யோசனை? அடுத்த வருஷம் சட்டமன்றத் தேர்தல். 2021இல் ஐந்து பவுன் வரை தள்ளுபடி செய்தார்களே. மாற்றி வைத்துவிட்டுக் காத்திருங்கள், தள்ளுபடி வந்தால் முழுசும் லாபம்.

உரைகல்

ஐயா, அந்தத் தள்ளுபடி கூட்டுறவு நிறுவனங்களில் வைத்த 40 கிராம் வரையான பண்டத்துக்கு மட்டும். அதிலும் 2021 மார்ச் 31 அன்று நிலுவையில் இருந்த கடனுக்கு. தகுதிப் பட்டியலில் பெயர் வராமல் திரும்பியவர்கள் நம் மாவட்டத்திலும் நிறைய. அம்மா வைத்திருப்பது தனியார் பைனான்ஸில், 72 கிராம். அடுத்த தேர்தலில் என்ன வந்தாலும் இதற்கு ஆகாது. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் 6,000 ரூபாய்க்கு மேல் ஏறும்.

கடியபட்டணம் கரை

எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினைதான். மனைவி ஒரு குழுவில் 50,000 எடுத்தாள். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுக்குத் தடை, நான் போட்டில் கூலிக்குப் போகிறவன். வாரத் தவணை முட்டியதும் இன்னொரு குழுவில் 40,000 எடுத்து முதல் குழுவுக்குக் கட்டினாள். இப்போது செவ்வாய்க்கு ஒரு கூட்டம், வியாழனுக்கு ஒரு கூட்டம். மூன்றாவது குழுக்காரர் வந்து, நாங்கள் 60,000 தருகிறோம், இரண்டையும் முடித்துவிடுங்கள் என்கிறார். எடுக்கலாமா?

ரப்பர்க்காட்டு வீடு

அண்ணே, நான் கேட்டது நகைப் பணயத்தைப் பற்றி. ஆனாலும் உங்கள் நிலைமை எங்களைவிட நெருக்கமாகத் தெரிகிறது. எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை, உங்களுக்கு வாரத்துக்கு இரண்டு முறை.

உரைகல்

கடியபட்டணம் தம்பிக்கு: குழுக்கடனில் எனக்கு அனுபவம் குறைவு, அதனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த 60,000இல் இரண்டு குழுவும் முழுசாக முடிந்து, வாரத் தவணை இப்போது இரண்டுக்கும் சேர்த்துக் கட்டுவதைவிடக் குறையுமா? மூன்றாவது குழுக்காரரிடம் அதை எழுதி வாங்குங்கள். தவணை குறைந்தாலும், எத்தனை வாரம் நீள்கிறது என்று பாருங்கள். தடைக்காலம் முடிந்து ஆகஸ்டில் போட் இறங்கும். அதுவரை இரண்டு குழுவிலும் தவணையைத் தள்ளிக் கேட்க முடியுமா என்று முதலில் பேசுங்கள்.

அம்மாவுக்கு: கடனை மாற்றுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. புதுக் கடன் பழைய பாக்கியைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. வட்டி குறைய வேண்டும். அன்று முதல் மாதாமாதம் வட்டி கையிலிருந்து போக வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் அது மாற்றம். ஒன்று குறைந்தாலும் பழைய சுழற்சிதான்.

எனக்குத் தோன்றும் வழி கசப்பானது. 1,73,000 கட்டினால் கடன் பழையபடி 2,40,000க்கு வந்துவிடும். அந்தப் பணத்துக்கு ஏறக்குறைய 20 கிராம், இரண்டரை பவுன் விற்க வேண்டும். நாலு வளையலில் கனமான இரண்டை எடுத்தால் அந்த எடை வரும் என்று நினைக்கிறேன். மீதி 52 கிராமுக்கு 2,40,000 என்பது இன்றைய விலையில் பாதிக்குச் சற்று மேல். விலை இறங்கினாலும் மூச்சுவிட இடம் இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாப் பண்டத்தையும் ஒரே சீட்டில் வைத்திருக்கிறீர்கள். பணம் கட்டாமல் இரண்டு வளையலை மட்டும் பிரித்துத் தர மாட்டார்கள். அதனால் இரண்டு நாளைக்கு 1,73,000 கைமாற்று வேண்டும். வெளியாளிடம் போகாதீர்கள், வேர்க்கிளம்பிக்காரர் பட்ட பாட்டைப் படித்தீர்களே. கூடப்பிறந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மறுபடி வைக்கும்போது மாலைக்கு ஒரு சீட்டு, வளையலுக்கும் கம்மலுக்கும் ஒரு சீட்டு என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பணம் வரும்போது ஒன்றையாவது மீட்கலாம்.

இன்னொன்று, தவணை ஏன் ஜூலையில் முடிகிறது? 2022இல் ஜூலையில் வைத்தீர்கள், அதனால் வருஷா வருஷம் ஜூலை. மழையில் வெட்டு இல்லாத மாதம் அது, கட்ட முடியாது என்பது வைக்கும்போதே தெரியும். இந்த முறை ஆறு மாதத்துக்கு வையுங்கள். ஜனவரியில் முடியும். இலை உதிர்வதற்கு முன்னால் பால் நன்றாக இருக்கும் நேரம் அது.

ரப்பர்க்காட்டு வீடு

ஐயா, சொல்வது புரிகிறது. ஆனால் அந்த வளையல் என் அம்மா கல்யாணத்துக்குப் போட்டது. விற்றால் மாமியார் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றிருக்கிறது. பணயத்தில் இருந்தால் "பணயத்தில் இருக்கு" என்று சொல்லிக்கொள்ளலாம். விற்றால் சொல்ல ஒன்றும் இல்லை.

வேர்க்கிளம்பி

அக்கா, எங்கள் ஊரில் ஒரு வீட்டில் இப்படியே சொல்லிச் சொல்லி ஏழு வருஷம் பணயத்தில் இருந்த மாலை ஏலத்தில் போனது. ஏழு வருஷமும் அந்த மாலையை யாரும் கழுத்தில் போடவில்லை. மகள் கல்யாணத்தன்று கவரிங் போட்டார்கள்.

குழித்துறை இளையவன்

நான் இன்னும் விற்பதற்கு முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. விற்ற வளையலை இதே விலைக்குத் திரும்ப வாங்க முடியாது. கூலி, சேதாரம், வரி எல்லாம் மேலே விழும். ஆனால் 4,80,000 வாங்கச் சொன்னது அவசரம்தான், அதைத் திரும்பப் பெறுகிறேன். கல்லூரிக் கட்டணத்துக்கு வங்கியில் கல்விக்கடன் கேட்டுப் பார்க்கலாமே அக்கா? அதற்கும் நகையையே ஏன் தொட வேண்டும்?

ரப்பர்க்காட்டு வீடு (12 நாள் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

பிஸ்கட் டப்பாவில் இருந்த சீட்டுகளை மாமியார் முன்னால் வரிசையாக வைத்து, 2,40,000, 2,90,000, 3,50,000, 4,13,000 என்று வாசித்தேன். அவர்கள் பள்ளிக்கூடம் போகாதவர்கள், ஆனால் தேங்காய்க் கணக்கில் யாரும் ஏமாற்ற முடியாது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கூரைக்கு வாங்கினது ரெண்டே நாப்பதுதானே, மத்ததெல்லாம் என்னத்துக்கு?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு விற்க வேண்டாம் என்று சொல்லவில்லை.

அண்ணனுக்குச் சிட்டி விழுந்த பணம் 1,75,000 இருந்தது. இரண்டு நாளைக்கு என்று கேட்டு வாங்கினேன். 1,73,000 கட்டி, இரண்டு வளையலை எடுத்து, மீதியை இரண்டு சீட்டாக 2,40,000க்கு வைத்தோம். மாத வட்டித் திட்டம், 12 சதவீதம், ஆறு மாதம். கவுண்டரில் இருந்த தம்பி, "அக்கா, இன்னும் ஒரு லட்சம் வரைக்கும் இருக்கு, எடுத்துக்கலாமே" என்று மூன்று முறை கேட்டான்.

வளையலை நாகர்கோவிலில் இரண்டு கடையில் காட்டினேன். முதல் கடையில் எடையை எழுதாமலேயே விலை சொன்னார்கள், எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவது கடையில் கண்முன்னால் சோதித்து, கழிவு போக 1,71,000 தந்தார்கள். அண்ணனுக்கு இன்னும் 2,000 கொடுக்க வேண்டும். அடுத்த ரப்பர் ஷீட் விற்றதும் கொடுத்துவிடுவேன்.

மாதம் 2,400. மழை மாதத்தில் அதுவும் கஷ்டம்தான். பாட்டத்து மரங்களுக்கு மழைக்காப்பு ஒட்டினால் வெட்டு நாள் கூடும் என்று கணவர் சொல்கிறார், அதற்கு ஒரு செலவு இருக்கிறது. மகளுக்குக் கல்விக்கடன் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. முதல் தவணைக் கட்டணத்துக்குக் கல்லூரியில் ஒரு மாதம் அவகாசம் தந்திருக்கிறார்கள்.

வேர்க்கிளம்பி

நல்ல காரியம் செய்தீர்கள் அக்கா. ஜனவரியில் இந்த 2,40,000ஐ வங்கிக்கு மாற்றினால் இன்னும் குறையுமே? 9 சதவீதம் என்றால் மாதம் 1,800.

உரைகல்

மாற்றலாம். ஆனால் இரண்டு சீட்டையும் ஒரே நாளில் வேண்டாம். சின்னச் சீட்டை முதலில் எடுத்து வங்கியில் வைத்துப் பார்க்கட்டும். மதிப்பீட்டாளர் எடையைக் குறைத்தாலும் தாங்கக்கூடிய தொகையாக இருக்கும். அம்மா, விவசாய நகைக்கடன் என்றால் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். அந்த 60 சென்ட் யார் பெயரில் இருக்கிறது?

ரப்பர்க்காட்டு வீடு

பட்டா இன்னும் மாமனார் பெயரில்தான் ஐயா. அவர் தவறி நாலு வருஷம் ஆகிறது. கணவருக்கு இரண்டு தங்கைகள், அவர்களும் கையெழுத்துப் போட வேண்டுமாம். திங்களன்று கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்.